21 நிமிஷ வீடியோ, 7 தலைப்பு: நேரக் குறிப்புள்ள எழுத்து வடிவத்துல இருந்து அத்தியாயம் பிரிப்பது எப்படி?

2025-26 நிதியாண்டுக்குப் புது வரிமுறையா, பழைய வரிமுறையான்னு நம்ம சேனல்ல ஒரு வீடியோ இருக்கு. நீளம் 21 நிமிஷம் 40 செகண்ட். ஆனா அதைத் தேடி வர்றவர்ல பாதிப் பேருக்கு வேண்டியது ரெண்டு நிமிஷம்தான். ஒருத்தருக்குச் சம்பளம் 13 லட்சம், அவருக்கு வரி எவ்வளவுன்னு தெரியணும். இன்னொருத்தர் மியூச்சுவல் ஃபண்ட் வித்திருக்கார், அதுக்கு வரி உண்டான்னு தெரியணும். அவங்க வீடியோவுக்குக் கீழ இருக்கிற தலைப்புப் பட்டியலைப் பாத்து, நேரா அந்த இடத்துக்குத் தாவுறாங்க.

பிரச்சினை அங்கதான் ஆரம்பிக்குது. "12.75 லட்சம் வரை வரி இல்லை"ன்னு ஒரு தலைப்பு இருந்தா, அதைத் தொட்டு ஒரு நிமிஷம் கேட்டுட்டு மூடிடுவாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு வர்ற "ஆனா" அவங்க காதுல விழாது. ஃபண்ட் வித்து லாபம் பாத்தவர் வரி இல்லைன்னு நினைச்சு இருந்துடுவார். அதனால வரி பத்தின வீடியோவுல ஒரு அத்தியாயத் தலைப்பும் அதுக்குக் கீழ வர்ற ரெண்டு வரி விளக்கமும் கிட்டத்தட்ட ஆலோசனை மாதிரியே வேலை செய்யுது.

இது வீடியோ போடுறவங்களுக்கு மட்டும் இல்லைங்க. உங்க ஆபீஸ்ல எச்.ஆர் ஒரு மணி நேரம் மீட்டிங் போட்டு, ரெக்கார்டிங்கை உங்ககிட்ட குடுத்து "எது எங்க இருக்குன்னு ஒரு லிஸ்ட் போட்டுக் குடுப்பா"ன்னு சொன்னாலும் இதே வேலைதான். அந்த 21 நிமிஷ வீடியோவை வெச்சே எப்படிப் பண்றதுன்னு பாப்போம்.

முதல் வாசிப்பு: ஓரத்துல ஒரு குறிப்பு

யூடியூப்ல வசன வரிகள் இருக்கிற வீடியோவா இருந்தா, விளக்கப் பகுதியை விரிச்சு `Show transcript` அழுத்துனா நேரத்தோட முழுப் பேச்சும் எழுத்தா வரும். அதைக் காப்பி பண்ணி ஒரு ஷீட்ல ஒட்டிக்கோங்க. இடது பக்கம் நேரம், நடுவுல பேச்சு, வலது பக்கம் ஒரு காலி கட்டம்.

முதல் தடவை படிக்கும்போது தலைப்பு எழுத உக்காராதீங்க. கிட்டத்தட்ட அரை நிமிஷப் பேச்சுக்கு ஒரு தடவை, "இங்க எந்தக் கேள்விக்குப் பதில் ஓடுது?"ன்னு வலது கட்டத்துல நாலு வார்த்தை எழுதுங்க. "வரி அடுக்கு என்ன", "12 லட்சத்துக்கு ஏன் பூஜ்யம்", "13 லட்சம்னா என்ன", இப்படி. ஒரே குறிப்பு தொடர்ந்து ஏழெட்டு தடவை வந்தா அது ஒரு அத்தியாயம். குறிப்பு மாறுற இடம்தான் எல்லை.

நம்ம வீடியோவுல இப்படிப் பண்ணப்போ ஏழு கேள்வி வந்துச்சு. அதுல கடைசி ஒரு நிமிஷம், "சப்ஸ்கிரைப் பண்ணுங்க" பகுதி. அதுக்குத் தனித் தலைப்பு குடுக்கல, ஏழாவது அத்தியாயத்தோட வாலாவே விட்டாச்சு. யாரும் அதைத் தேடி வர மாட்டாங்க.

எல்லையை எங்க வெக்கிறது?

இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க. பேசுறவர் "சரி", "அடுத்து", "இப்ப பாப்போம்"னு சொல்ற இடத்துல கோடு போட்டுடுவாங்க. இந்தத் துண்டைப் பாருங்க:

```
6:22  12.75 லட்சம் வரைக்கும் பூஜ்யம் புரிஞ்சுதுங்களா
6:31  அப்ப 13 லட்சம் வாங்குறவருக்கு என்ன ஆகும்
6:37  25,000 அதிகமா வாங்குனதுக்கு 63,000 வரியா
6:44  பயந்துடாதீங்க
6:48  சரி இப்ப மார்ஜினல் ரிலீஃப்னா என்னன்னு பாப்போம்
```

"சரி" வர்றது 6:48-ல. ஆனா கேள்வி பிறந்தது 6:31-ல. 6:48-ல தொடங்கினா, பாக்குறவருக்கு மார்ஜினல் ரிலீஃப்ங்கிற பதில் கிடைக்கும், அது எந்தக் கேள்விக்கான பதில்னு தெரியாது. 13 லட்சம், 63,000 ரெண்டு எண்ணுமே அவர் காதுல விழுந்திருக்காது. அதனால அத்தியாயம் கேள்வியில இருந்து தொடங்கணும், பதில்ல இருந்து இல்ல.

இன்னொரு சின்ன விஷயம். வசன வரியோட பக்கத்துல இருக்கிற நேரம் அந்த வரி தொடங்குற நேரம், வாக்கியம் தொடங்குற நேரம் இல்ல. "அப்ப"ங்கிற வார்த்தை முந்தின வரியோட கடைசியிலயே வந்திருக்கலாம். அதனால ஒரு செகண்ட் முன்னால வெச்சு, 6:30-ன்னு போட்டாச்சு. போட்டுட்டு அந்த இடத்தைத் தொட்டுக் கேளுங்க. முதல் பத்து செகண்டுக்குள்ள தலைப்புல இருக்கிற விஷயம் காதுல விழுந்தா எல்லை சரி. விழலைன்னா நகர்த்துங்க.

ஒலியில பிரிவே தெரியாத இடமும் உண்டு:

```
9:41  இதுதான் மார்ஜினல் ரிலீஃப் அவ்வளவுதான்
9:50  இன்னொன்னு மியூச்சுவல் ஃபண்ட் வித்து லாபம்
9:55  பாத்தவங்களுக்கு இந்த பூஜ்யம் பொருந்தாது
```

"இன்னொன்னு"ன்னு கேட்டா முந்தினதோட வால் மாதிரி இருக்கு. அதனால 6:30-ல தொடங்கின அத்தியாயத்துலயே இதையும் அடைச்சுடத் தோணும். ஆனா 13 லட்சம் சம்பளக்காரரும் ஃபண்ட் வித்தவரும் வேற வேற ஆள். தேடி வர்றவர் வேற ஆளா இருந்தா அது வேற அத்தியாயம். பேச்சு எவ்வளவு ஒட்டிக்கிட்டு இருந்தாலும் பிரிச்சிடுங்க.

விளக்கத்தை முதல்ல எழுதுங்க, தலைப்பு அப்புறம்

பொதுவா தலைப்பை யோசிச்சுட்டு அதுக்குக் கீழ விளக்கம் எழுதுவாங்க. திருப்பிப் பண்ணிப் பாருங்க. விளக்கத்துல மூணு விஷயம் வரணும்: யாருக்கான கேள்வி, எந்தக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கு, எந்த நிபந்தனை. 9:50 பகுதியை எடுத்துக்குவோம்.

அங்க சொல்லியிருக்கிற கணக்கு இது. சம்பளம் 8,75,000. நிலைக் கழிவு 75,000 போனா 8 லட்சம். புது முறையில முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், ஆக 20,000. அதை 87ஏ பிரிவு ரிபேட் முழுசா அடிச்சிடுது. இதே ஆள் ஒரு வருஷத்துக்கு மேல வெச்சிருந்த பங்குசார் ஃபண்டை வித்து 2 லட்சம் லாபம் பாத்திருக்கார். அதுல 1.25 லட்சத்துக்கு வரி இல்லை. மிச்சம் 75,000-க்கு 12.5 சதவீதம், 9,375. செஸ் 4 சதவீதம் 375. மொத்தம் 9,750 கட்டணும். அவரோட மொத்த வருமானம் 10 லட்சம்தான், 12 லட்சத்தைத் தொடவே இல்லை. ஆனாலும் இந்த லாபம் தனி விகித வருமானம்ங்கிறதால ரிபேட் இதுக்குக் கிடையாது.

இதை ரெண்டு வரியில சுருக்கினா: "சம்பளம் 8.75 லட்சம், ஃபண்ட் லாபம் 2 லட்சம் இருக்கிறவருக்கு 9,750 வரி வர்ற கணக்கு. 87ஏ ரிபேட் தனி விகித வருமானத்துக்குப் பொருந்தாது." இப்ப தலைப்பு தானா விழுது: "ஃபண்ட், ஷேர் லாபம்: 12 லட்சத்துக்குக் கீழயும் வரி உண்டு".

தலைப்பை முதல்ல எழுதியிருந்தா என்ன ஆகியிருக்கும்? "மூலதன ஆதாயம்"னு ஒரு வார்த்தை போட்டு முடிச்சிருப்போம். அது தப்பில்லை, ஆனா அதைப் படிச்சவருக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. நம்ம ஊர் லாரி புக்கிங் ஆபீஸ்ல எல்.ஆர் போடும்போது "சரக்கு"ன்னு மட்டும் எழுதினா ஒத்துக்குவாங்களா? என்ன சரக்கு, எத்தனை மூட்டை, எந்த ஊர்ல இருந்து எந்த ஊருக்குன்னு எழுதணும். தலைப்பும் அப்படித்தான்.

நிபந்தனை எந்த வாக்கியத்துல இருக்கு?

இந்தப் பூஜ்ய வரி அறிவிப்பு எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்தா விஷயம் இன்னும் தெளிவா புரியும். 2025 பிப்ரவரி 1-ஆம் தேதி நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் வாசிச்ச பட்ஜெட் உரை. ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடுற உரை. முதல் பகுதியில விவசாயம், சிறு தொழில், முதலீடு, ஏற்றுமதி. ரெண்டாவது பகுதியில வரி, அதுலயும் முதல்ல சுங்க வரி, அப்புறம்தான் நேரடி வரி. சம்பளக்காரங்க காத்துக்கிட்டு இருந்த தனிநபர் வருமான வரி கிட்டத்தட்ட கடைசியிலதான் வருது.

புது முறையில 12 லட்சம் வரை வருமான வரி இருக்காதுன்னு அவங்க சொன்ன அதே வாக்கியத்துலயே, மூலதன ஆதாயம் மாதிரியான தனி விகித வருமானம் நீங்கலாகன்னு நிபந்தனையும் இருக்கு. அடுத்த வாக்கியத்துலதான் நிலைக் கழிவு 75,000-ஐச் சேர்த்து சம்பளக்காரங்களுக்கு அது 12.75 லட்சம் ஆகுது. இந்த உரையை அத்தியாயம் பிரிக்கிறவர் "12 லட்சம் வரை வரி இல்லை"ன்னு தலைப்பு போட்டா, வாக்கியத்தோட முன்பாதியை மட்டும் எடுத்து, நிபந்தனையை வெட்டிட்டார்னு அர்த்தம்.

தலைப்புல எல்லா நிபந்தனையும் அடங்காதுதான், போன் திரையில நீளமான தலைப்பு பாதியில அறுந்துடும். அதுக்குத்தான் கீழ விளக்கம். தலைப்புல விடை, விளக்கத்துல நிபந்தனை. ரெண்டையும் சேத்துப் படிச்சா, வீடியோ பாக்காதவர்கூட தப்பான முடிவுக்குப் போகக் கூடாது.

இதுக்கு எதிர்ப்பக்கமும் ஒண்ணு உண்டு. விளக்கத்துல வீடியோவுல சொல்லாததைச் சேக்கக் கூடாது. புது முறையிலயும் முதலாளி கட்டுற என்.பி.எஸ் பங்குக்குக் கழிவு உண்டுங்கிறது எனக்குத் தெரியும். ஆனா அந்த 21 நிமிஷத்துல அதைப் பேசலை. விளக்கத்துல எழுதினா, அதை நம்பித் தாவி வந்தவர் முழுசும் கேட்டுட்டு ஏமாந்து போவார். எல்லை ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற பேச்சுல என்ன இருக்கோ அதுதான் விளக்கம்.

எழுத்து வடிவத்தை நம்பாதீங்க, எண்ணைக் காதால கேளுங்க

தானா உருவாகிற வசன வரியில பொருள் ஓரளவு சரியா வரும். எண்ணும் எதிர்மறையும்தான் காலை வாரும். நாம பேசும்போது "பன்னண்டே முக்கால் லட்சம்"னு சொல்லுவோம். எழுத்துல அது "பன்னண்டு" மட்டும் வந்து "முக்கால்" அடுத்த வரியில தனியா விழுந்திருக்கலாம், இல்ல காணாமலே போயிருக்கலாம். முக்கால் போனா 75,000 போச்சு. "கிடையாது" "கிடைக்காது" மாதிரி வார்த்தை தப்பா விழுந்தா அர்த்தமே தலைகீழாயிடும்.

அதனால விளக்கத்துல போடப் போற ஒவ்வொரு எண்ணுக்கும், ஒவ்வொரு "இல்லை"க்கும், அந்த இடத்தை ஓட விட்டுக் காதால கேளுங்க. 21 நிமிஷ வீடியோவுல இப்படி இருபது இடம்கூட வராது. கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பாருங்க. 13 லட்சத்துல 75,000 போனா 12,25,000. 4 முதல் 8 லட்சம் வரை 20,000, 8 முதல் 12 வரை 10 சதவீதம் 40,000, மிச்சம் 25,000-க்கு 15 சதவீதம் 3,750. ஆக 63,750. ஆனா 12 லட்சத்தைத் தாண்டினது வெறும் 25,000, அதைவிட அதிகமா வரி வரக் கூடாதுங்கிறதுதான் மார்ஜினல் ரிலீஃப். வரி 25,000, செஸ் 1,000, மொத்தம் 26,000. வசன வரியில "63,000"ன்னு இருந்தது பேச்சுல தோராயமா சொன்னது. விளக்கத்துல 26,000-ஐ எழுதினா போதும், அதுதான் கட்டப் போற தொகை.

எழுதும்போது எண்ணாவே எழுதுங்க, "12.75 லட்சம்"னு. தேடுறவங்க "பன்னண்டே முக்கால்"னு டைப் பண்ண மாட்டாங்க. அதே மாதிரி எந்த வருஷம்ங்கிறது முதல் தலைப்புலயே இருக்கணும். 2025-26 நிதியாண்டுதான் 2026-27 மதிப்பீட்டு ஆண்டு. 2026 ஏப்ரல் 1-ல இருந்து வருமான வரிச் சட்டம் 2025 அமலுக்கு வந்து, ரெண்டுக்கும் பதிலா "வரி ஆண்டு"ன்னு ஒரே பேர். வருஷம் போடாத தலைப்பை அடுத்த வருஷம் பாக்குறவர் தன் வருஷத்துக்குன்னு எடுத்துக்குவார்.

முடிஞ்ச பட்டியல்

```
00:00 2025-26: சம்பளம் மட்டும் இருப்பவருக்கு எந்த வரிமுறை?
01:12 புது முறை வரி அடுக்கு: 4 லட்சம் முதல் 24 லட்சம் வரை
04:05 12.75 லட்சம் சம்பளத்துக்கு வரி ஏன் பூஜ்யம்?
06:30 சம்பளம் 13 லட்சம்னா வரி எவ்வளவு?
09:49 ஃபண்ட், ஷேர் லாபம்: 12 லட்சத்துக்குக் கீழயும் வரி உண்டு
12:58 பழைய முறை: வாடகை 10,000 கட்டினா எவ்வளவு விலக்கு?
17:20 ஆபீஸ்ல ஒண்ணு சொல்லி, ரிட்டர்ன்ல மாத்தலாமா?
```

யூடியூப் இதை அத்தியாயமா எடுத்துக்க மூணு நிபந்தனை உண்டு. முதல் நேரம் 00:00-ஆ இருக்கணும். குறைஞ்சது மூணு நேரமாவது ஏறுவரிசையில இருக்கணும். ஒவ்வொரு அத்தியாயமும் குறைஞ்சது 10 செகண்ட் இருக்கணும். நேரமும் தலைப்பும் ஒரே வரியில வரணும், விளக்கம் அதுக்கு அடுத்த வரியில. விளக்கத்துக்குள்ள "04:05-ஐயும் பாருங்க"ன்னு வேற நேரத்தை எழுதாதீங்க, ஏறுவரிசை கெட்டுடும். பட்டியல் போட்டும் அத்தியாயம் வரலைன்னா முதல்ல தேட வேண்டிய இடம் அதுதான்.

கடைசி மூணு அத்தியாயத்துக்கு விளக்கம் இப்படி:

*09:49* சம்பளம் 8.75 லட்சம், ஃபண்ட் லாபம் 2 லட்சம் இருக்கிறவருக்கு 9,750 வரி வர்ற கணக்கு. 87ஏ ரிபேட் தனி விகித வருமானத்துக்குப் பொருந்தாது.

*12:58* அடிப்படைச் சம்பளம் மாசம் 30,000, எச்.ஆர்.ஏ 12,000, நாமக்கல்ல வாடகை 10,000 கட்டுறவருக்கு மாசம் 7,000 விலக்கு எப்படி வருதுன்னு கணக்கு. பழைய முறைக்கு மட்டும்.

*17:20* ஆபீஸ்ல எந்த முறைன்னு சொல்லலைன்னா புது முறையில டி.டி.எஸ் பிடிப்பாங்க. ரிட்டர்ன்ல பழைய முறைக்கு மாறலாம், ஆனா கடைசி தேதிக்குள்ள தாக்கல் பண்ணணும். தொழில் வருமானம் இல்லாதவருக்கு.

கடைசி விளக்கத்துல "கடைசி தேதிக்குள்ள", "தொழில் வருமானம் இல்லாதவருக்கு"ங்கிற ரெண்டு துண்டையும் எடுத்துட்டுப் படிச்சுப் பாருங்க. பக்கத்துல ஃப்ரீலான்ஸ் பண்ற உங்க நண்பர் ஒருத்தர், கடைசி தேதி போனப்புறம் ஆற அமர ரிட்டர்ன் போடலாம்னு இருப்பார். இவர் இதைப் படிச்சா தனக்கும் சேத்துத்தான்னு நினைப்பார். அந்த ரெண்டு துண்டு அங்க இருக்கிறது அவருக்காக.

உங்க ஆபீஸ் ரெக்கார்டிங்கை இப்படிப் பிரிச்சா, பட்டியலை அந்த மீட்டிங்ல இல்லாத ஒருத்தர்கிட்ட குடுத்து, "இதை வெச்சு நீ என்ன பண்ணுவ?"ன்னு கேளுங்க. அவர் சொல்ற பதில் மீட்டிங்ல சொன்னதுக்கு மாறா இருந்தா, எந்த வரியால அப்படி ஆச்சுன்னு அவரே காட்டிடுவார். அந்த வரியை மட்டும் திருத்துங்க. வீடியோவோட மத்த நாலு விளக்கமும் பட்டியலோட வீடியோவுக்குக் கீழயே இருக்கு. எதையாவது படிச்சுக் குழப்பம் வந்தா, எந்த நேரம்னு குறிப்பிட்டு கமெண்ட்ல சொல்லுங்க.